பட்டியலில் இல்லாத லோடு மாதிரியிலும் வராது

கேள்வி: "சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் ஆடிட்டில் ஆர்ட்டிகிளாக இருக்கிறேன். கம்ப்யூட்டரில் எடுத்துத் தந்த கிழங்கு வரவு ரிப்போர்ட்டிலிருந்து 25 லோடுகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. ரிப்போர்ட்டின் மொத்தமும் லெட்ஜரோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் ரிப்போர்ட் முழுமையானது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று சீனியர் கேட்கிறார். இன்னும் என்ன செய்ய வேண்டும் சார்?"

உங்கள் சீனியர் கேட்பது நியாயம். ஆலையே தயாரித்துத் தரும் தகவலை நாம் பயன்படுத்தினால், அது துல்லியமானதா, முழுமையானதா என்பதற்குத் தனியாக ஆதாரம் பெற வேண்டும் என்று எஸ்.ஏ. 500 சொல்கிறது. நீங்கள் பார்த்த 25 லோடுகளும் ரிப்போர்ட்டில் இருந்தவை. ஆகவே இருப்பது சரியா என்பதற்குத்தான் அவை சாட்சி. விடுபட்டது எதுவென்று எத்தனை லோடு பார்த்தாலும் அவை சொல்லப் போவதில்லை. லெட்ஜரோடு ஒத்துப்போவதும் இந்த இடத்தில் பயன் தராது. கிழங்கு வந்து இறங்கியும் பில் போடப்படாத லோடு ரிப்போர்ட்டிலும் இருக்காது, லெட்ஜரிலும் இருக்காது; இரண்டிலும் ஒரே குறை இருந்தால் மொத்தம் அழகாகவே பொருந்தும்.

முதலில், ரிப்போர்ட்டை உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். தேதி, கிடங்கு, நிலை ஆகிய மூன்று இடங்களிலும் என்ன தேர்வு செய்யப்பட்டிருக்கிறது என்பது தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுத்துக் கோப்பில் வையுங்கள். பெரும்பாலான தவறுகள் நிலை என்ற இடத்தில்தான் ஒளிந்திருக்கும். அதில் 'பில் ஆனவை' மட்டும் தேர்வாகியிருந்தால், நிலுவையில் உள்ளவை ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். திரையில் தெரியும் வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் குறித்துக்கொண்டு, எக்ஸலுக்கு மாற்றிய பின் இரண்டும் அப்படியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எண்கள் எழுத்தாக இறங்கியிருந்தால் எக்ஸல் அவற்றைக் கூட்டலில் சேர்க்காது.

அடுத்து, வரவுச் சீட்டு எண்களை வரிசைப்படுத்தி இடைவெளி தேடுங்கள். எண்கள் A நெடுவரிசையில் இருந்தால், மூன்றாவது வரியில் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=IF(A3-A2>1, A3-A2-1, 0)
```

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ரிப்போர்ட்டில் 4,812 வரிகள். முதல் எண் 1, கடைசி எண் 4,849. அப்படியானால் நடுவில் 37 எண்கள் இல்லை. ஆனால் வால் பகுதி வெட்டப்பட்டிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது. மார்ச் 31 அன்று சரக்கிருப்பு எடுக்கும்போது நீங்கள் நேரில் குறித்துக்கொண்ட கடைசிச் சீட்டு எண் 4,857 என்று வைத்துக்கொண்டால், விடுபட்டவை 37 அல்ல, 45. அந்த 45-இல் 31 சீட்டுகள் ரத்தானவை. அவற்றின் எல்லாப் பிரதிகளும் புத்தகத்திலேயே இருக்கின்றன. மீதி 14 லோடுகள், கிழங்கின் மாவுச்சத்தைக் காட்டும் பாயிண்ட் குறித்து விவசாயியோடு பேச்சு முடியாததால் பில் ஆகாதவை. லோடுக்கு 10 டன், 28 பாயிண்ட், பாயிண்டுக்கு 300 ரூபாய் என்றால் டன் 8,400 ரூபாய். 14 லோடுக்கு 11,76,000 ரூபாய். அந்தக் கிழங்கு அரைபட்டு மாவாகி இருப்பில் எண்ணப்பட்டுவிட்டது, கொடுக்க வேண்டிய பணம் மட்டும் கணக்கில் ஏறவில்லை. லாபம் அவ்வளவு கூடித் தெரியும்.

சீட்டே போடாமல் இறங்கிய லோடு இருந்தால் எண் வரிசையும் உதவாது. அதற்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும்: எடைமேடைச் சீட்டுகளிலிருந்து நீங்களே சிலவற்றை எடுத்து, அவை ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். எடைமேடையும் அதே மென்பொருளோடு இணைந்திருந்தால், வாட்ச்மேன் கையால் எழுதும் கேட் ரிஜிஸ்டரிலிருந்து தொடங்குங்கள். அந்த நோட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. கணக்குப் பிரிவின் கை படாதது என்பதே அதன் பலம்.

துல்லியத்துக்கு, நீங்கள் பார்த்த 25 லோடுகளில் எடையை எடைமேடைச் சீட்டோடும் பாயிண்டை ஆய்வுச் சீட்டோடும் ஒப்பிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பில்லோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், பில்லும் ரிப்போர்ட்டும் ஒரே பதிவிலிருந்து வந்தவை. தொகையை எல்லா வரிகளுக்கும் எக்ஸலிலேயே மறுபடி பெருக்கிவிடலாம், அதற்கு மாதிரி தேவையில்லை.

இந்த ரிப்போர்ட் மென்பொருளோடு வந்ததா, ஆலைக்காக உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்ததா என்றும் கேளுங்கள். எழுதிக் கொடுத்ததென்றால், சென்ற ஆண்டுக்குப் பிறகு அதில் கை வைக்கப்பட்டதா என்பதற்கு ஆதாரம் வேண்டும். கை வைத்திருந்தால் போன வருடச் சோதனை இந்த வருடத்துக்குச் செல்லாது. கை வைக்கவே இல்லை என்றாலும், திரையில் செய்த தேர்வுகளை ரிப்போர்ட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும்.