ஸ்லாப்ல பைப் போற ஓட்டையை சிமெண்ட் வச்சு அடைக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரு அபார்ட்மெண்ட் சைட்டுல இருக்கேன். மூணாவது மாடி, கிச்சனை ஒட்டின யுடிலிட்டி. கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன், அந்த மூலையைப் பாருங்க. 110 மில்லி பிவிசி பைப் மேல் மாடியில இருந்து வந்து இந்தத் தரையைத் துளைச்சுக் கீழ போகுது. வாஷிங் மெஷின் தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் இதுலதான் இறங்குது.

பைப்பைச் சுத்தி சாம்பல் கலர்ல ஒரு பூச்சு தெரியுதா? சிமெண்ட் கலவையைத் திணிச்சு, மேல ஒயிட் சிமெண்ட் தடவி விட்டிருக்காங்க. பார்க்க நல்லா இறுக்கமாத்தான் இருக்கு. இப்போ டார்ச் அடிக்கிறேன். பைப்புக்கும் சிமெண்டுக்கும் நடுவுல முடி மாதிரி வட்டமா ஒரு கோடு ஓடுது பாருங்க. ரெண்டாவது மாடி வீட்டு சீலிங்ல மஞ்சளா கறை இறங்குறதுக்குக் காரணம் இந்தக் கோடுதான்.

ஏன் விரிசல் விட்டுச்சு? பிவிசி வழவழன்னு இருக்கும், சிமெண்ட் அதுல ஒட்டவே ஒட்டாது. அதுக்கு மேல, பைப் ஒரு இடத்துல நிக்காது. பிவிசி ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.07 மில்லி நீளும். ஒரு மாடி உயரம் 3 மீட்டர்னு வைங்க. வாஷிங் மெஷின்ல இருந்து சுடுதண்ணி இறங்கி பைப் 35 டிகிரி ஏறுச்சுன்னா, கணக்குப் போட்டா 7 மில்லிக்கிட்ட நீளுது. தண்ணி நின்னதும் திரும்பச் சுருங்குது. சிமெண்ட் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா ஒண்ணு அங்க விரிசல் விடும், இல்லேன்னா அடுத்த ஜாயிண்ட்ல போய் இழுக்கும்.

அதுக்குத்தான் ஸ்லீவ். பைப்பை விடப் பெரிய ஒரு குழாய்த் துண்டை ஸ்லாப்ல பதிச்சு, அது வழியா பைப்பை விடுறோம். கான்கிரீட் ஸ்லீவைப் பிடிச்சுக்கட்டும், பைப் உள்ள சுதந்திரமா அசையட்டும். 110 பைப்புக்கு சுத்தி 20 மில்லி கேப் கிடைக்கிற மாதிரி, உள்விட்டம் 150 மில்லி இருக்கிற துண்டு எடுத்துக்கலாம். இந்த இடத்துக்கு நான் ஜிஐ இரும்புக் குழாய்தான் சொல்லுவேன். ஏன்னு நெருப்பு விஷயத்துக்கு வரும்போது புரியும்.

துண்டு எவ்வளவு நீளம் வெட்டணும்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஸ்லாப் தடிமனுக்கு வெட்டி வச்சிடுவாங்க. அப்புறம் தரைக் கலவை, டைல்ஸ் எல்லாம் ஏறினதும் ஸ்லீவ் உள்ள புதைஞ்சு போயிடும். இங்க கணக்கைப் பாருங்க: ஸ்லாப் 125, தரைக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 60, அதுக்கு மேல 50 நீட்டிக்கிட்டு இருக்கணும். மொத்தம் 235 மில்லி. கீழே ஸ்லாப் அடிமட்டத்தோட சமமா நிக்கணும். மேல நீட்டுற அந்த 50-தான் முக்கியம். யுடிலிட்டியில பக்கெட் கவிழ்ந்து தண்ணி தேங்கினாலும் ஓட்டைக்குள்ள ஏறாது. வாட்டர் ப்ரூஃபிங் பூசும்போது ஸ்லீவோட வெளிப்பக்கத்துலயும் ஃபைபர் மெஷ் வச்சு மேல ஏத்திப் பூசச் சொல்லுங்க. தரையோட நிறுத்திட்டா ஸ்லீவுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல தண்ணி இறங்கிடும்.

சென்ட்ரிங் போட்டு கம்பி கட்டும்போதே ஸ்லீவை வச்சிடணும். கம்பியோட கட்டி, உள்ள மணல் நிரப்பி, ரெண்டு வாயையும் டேப் ஒட்டி மூடிடுங்க. வைப்ரேட்டர் போடும்போது நகராது, கலவையும் உள்ள போகாது. வைக்க மறந்துட்டீங்கன்னா கோர் கட்டிங் மெஷின் கொண்டு வாங்க. அதுக்கும் முன்னாடி எந்த இடத்துல போடலாம்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேட்டுடுங்க, பீம்ல விழுந்திடக் கூடாது. உளி, சுத்தி வச்சு உடைச்சா மேல சின்ன ஓட்டையா இருக்கும், அடியில கான்கிரீட் சில்லு சில்லாப் பேந்திருக்கும்.

சரி, பைப் இறங்கியாச்சு, சுத்தி 20 மில்லி கேப் இருக்கு. இதை எதை வச்சு அடைக்கிறது? ஸ்ப்ரே ஃபோம்னு நிறைய பேர் கமெண்ட்ல கேக்குறீங்க. அடிச்சதும் மஞ்சளா உப்பி நிறைஞ்சிடும், பார்க்க வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா சாதாரண பியூ ஃபோம் தீயில எரியும். எலி அதைப் பிச்சுப் போட ஒரு ராத்திரி போதும். நான் போடவே மாட்டேன்.

நெருப்புன்னு வந்தா யோசிச்சுப் பாருங்க. பக்கத்துல கிச்சன், கேஸ் அடுப்பு. கீழ் வீட்டுல தீப்பிடிச்சா கான்கிரீட் ஸ்லாப் தாங்கி நிக்கும். ஆனா பிவிசி 80 டிகிரிக்குப் பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும். கொஞ்ச நேரத்துல பைப் உருகி விழுந்து, அந்த இடத்துல 110 மில்லிக்கு ஒரு புகைபோக்கி ரெடி. சுத்தி இருக்கிற கேப்பை என்னதான் நல்லா அடைச்சாலும், பைப்பே காணாமப் போனா என்ன பிரயோஜனம்? ஸ்லீவும் பிவிசியா இருந்தா அதுவும் சேர்ந்து உருகும், ஓட்டை இன்னும் பெருசாகும். ஜிஐ கேட்டது இதுக்குத்தான்.

இதுக்கு ஃபயர் காலர்னு ஒண்ணு இருக்கு. ஸ்டீல் வளையம், உள்ள சூடு பட்டா பல மடங்கு உப்புற பட்டை. ஸ்லாப்புக்கு அடியில பைப்பைச் சுத்தி மாட்டி, ஆங்கர் போல்ட் போட்டுக் கான்கிரீட்லயே இறுக்கணும். தீ வந்தா பட்டை உள்பக்கமா உப்பி, இளகின பைப்பை நசுக்கி ஓட்டையை மூடிடும். ஸ்லாப்னா அடியில மட்டும் போதும். சுவர்னா எந்தப் பக்கம் தீ வரும்னு தெரியாது, ரெண்டு பக்கமும் மாட்டணும்.

காலர் வாங்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. எந்த வகைப் பைப், ஸ்லாப் எத்தனை தடிமன், சுத்தி எவ்வளவு கேப், அது எப்படி அடைச்சிருந்தாங்கன்னு அதுல இருக்கும். 150 மில்லி ஸ்லாப்ல சோதிச்ச காலரை நம்ம 125-ல மாட்டிட்டு, ரெண்டு மணி நேரம் தாங்கும்னு சொல்லிக்க முடியாது.

இப்போ கேப். தீயில எரியாத கல் பஞ்சு, அதான் ராக்வூல், அதை இறுக்கமாத் திணிச்சு, மேல ரிப்போர்ட்ல சொன்ன ஆழத்துக்கு இடம் விட்டு ஃபயர் சீலண்ட் போடணும். அதுலயும் ரெண்டு வகை இருக்கு. அக்ரிலிக் விலை கம்மி, ஆனா ஈரமா இருக்கிற இடத்துல நாளாக நாளாக விட்டுடும். இங்க சிலிக்கான் வகைதான் வேணும், பைப் அசையும்போது அதுவும் கூடவே இழுத்துக் கொடுக்கும். அடிக்கிறதுக்கு முன்னாடி பைப்பையும் ஸ்லீவையும் துடைச்சுக் காய விடுங்க. சிமெண்ட் தூசி மேல எந்த சீலண்டும் ஒட்டாது.

உங்க வீட்டு சீலிங்ல கறை இருந்தா, கேப்பா, ஜாயிண்டான்னு முதல்ல கண்டுபிடிங்க. மேல் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி தரை ட்ராப்பை அடைச்சு, ரெண்டு செண்டிமீட்டர் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விடச் சொல்லுங்க. அன்னைக்கு மெஷினோ சிங்க்கோ ஓடக் கூடாது. அப்பவே சொட்டுச்சுன்னா பைப்பைச் சுத்தி இருக்கிற கேப், இல்லேன்னா தரையோட வாட்டர் ப்ரூஃபிங். சொட்டலைன்னா, தண்ணியை எடுத்துட்டு மெஷினை ஓட விடுங்க. அப்போ சொட்டினா பைப் ஜாயிண்ட்தான், ஓட்டையைச் சுரண்டிப் பிரயோஜனம் இல்ல.

கடைசியா எலி. சிங்க் பைப் சுவர் வழியா வெளிய போற இடம்தான் அதுக்கு வாசல். சுண்டெலிக்கு 6 மில்லி இடைவெளி போதும், உங்க பென்சில் நுழையுற ஓட்டைன்னா அதுவும் நுழையும். அங்க ஸ்லீவை வெளிப்பக்கம் லேசா சரிவா வைங்க, மழைத்தண்ணி உள்ள வராது. கேப்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிவலையைச் சுருட்டித் திணிச்சிட்டு மேல சீலண்ட் அடிங்க. சாதாரண ஸ்டீல் வூல் வேண்டாம், வெளிச்சுவர் ஈரத்துல துருப்பிடிச்சு உதிர்ந்துடும், சுவர்லயும் சிவப்பா வழியும். தரைத்தளத்துல மண்ணுக்குள்ள இருந்து பைப் மேல வர்ற இடத்துல கரையான் மருந்து அடிக்கணும். பைப்பைச் சுத்தி இருக்கிற மண்ணுக்கும் மருந்து போடச் சொல்லி, கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313-லயே இருக்கு. தரை போடுறதுக்கு முன்னாடியே அதைச் செஞ்சுடுங்க.

சரி, மேஸ்திரி கூப்பிடுறார், இந்தப் பூச்சை இப்பவே உடைக்கப் போறோம். உள்ள என்ன இருக்குன்னு அடுத்த வீடியோல காட்டுறேன்.