90 நாள் வராதவர் இழந்த வாடிக்கையாளரா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

கேள்வி: “ஐயா, நீங்கள் சொன்னபடி என் கடையின் பில்களை வைத்து ஆர்.எஃப்.எம். மதிப்பெண் போட்டேன். கடைசியாக எப்போது வந்தார், எத்தனை முறை வந்தார், எவ்வளவு தொகைக்கு வாங்கினார் என்ற மூன்றுக்கும் இதே வரிசையில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை கொடுத்தேன். 90 நாளாக வராதவர்களை ‘இழந்தவர்கள்’ என்று ஒதுக்கினேன். அவர்களில் பாதிப் பேர் தாங்களாகவே திரும்பி வந்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?”

இந்தக் கேள்வியைப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். கணக்கைப் போட்டதோடு நிற்காமல், அது பலித்ததா என்றும் பார்த்திருக்கிறீர்களே!

உங்கள் மதிப்பெண் சரிதான். எல்லோரையும் ஒரே 90 நாளில் வைத்து அளந்ததுதான் சிக்கல். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் இதுவரை 28, 31, 30, 27 நாள் இடைவெளிகளில் வந்திருக்கிறார். கடைசியாக வந்து 75 நாள் ஆகிறது. இரண்டாமவரின் இடைவெளிகள் 110, 95, 120 நாள். அவர் வந்து 100 நாள் ஆகிறது. உங்கள் விதிப்படி முதலாமவர் நம்மோடு இருக்கிறார், இரண்டாமவர் போய்விட்டார். உண்மை நேர்மாறானது. மாதந்தோறும் வந்தவர் இரண்டு முறை வராமல் விட்டிருக்கிறார். மற்றவருக்கோ வரும் நாளே இன்னும் வரவில்லை.

ஆகவே ஒவ்வொருவரையும் அவருடைய வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வரும் எண்ணான இடைநிலையைக் கண்டுபிடித்து, கடைசி வருகைக்குப் பின் கழிந்த நாள்களை அதனால் வகுக்க வேண்டும். சராசரி வேண்டாம். எப்போதோ ஒருமுறை ஆறு மாதம் வெளியூரில் இருந்திருந்தால் அந்த ஓர் இடைவெளியே சராசரியை இழுத்துவிடும். எக்செலில் B2-வில் கடைசித் தேதி, C2 முதல் F2 வரை இடைவெளிகள் இருந்தால்:

```
=(TODAY()-B2)/MEDIAN(C2:F2)
```

முதலாமவருக்கு 75-ஐ 29-ஆல் வகுத்தால் 2.6. இரண்டாமவருக்கு 100-ஐ 110-ஆல் வகுத்தால் 0.9. தொடக்கத்துக்கு 1.5-க்குள் இருப்பவரை வழக்கமானவர் என்றும், 1.5 முதல் 3 வரை உறங்குபவர் என்றும், அதற்கு மேல் இழந்தவர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லைகள் உங்கள் கடைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓராண்டுக்கு முந்தைய ஒரு தேதியில் நிற்பதாக நினைத்து, அதுவரையான பில்களை மட்டும் வைத்து வாடிக்கையாளர்களைப் பிரித்துப் பாருங்கள். பிறகு நடந்ததுதான் உங்கள் கையில் இருக்கிறதே! ‘இழந்தவர்’ பட்டியலில் பலர் திரும்பி வந்திருந்தால் 3 என்ற எல்லையை உயர்த்துங்கள்.

கணக்கிடும் முன் ஒரே நாளில் போட்ட இரண்டு பில்களை ஒரு வருகையாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூஜ்ய நாள் இடைவெளிகள் நுழைந்து, நல்ல வாடிக்கையாளரையும் காணாமல் போனவராகக் காட்டும். ஒரே முறை வாங்கியவருக்கு இடைவெளியே கிடையாது. அவருக்கு, மற்றவர்கள் முதல் வருகையிலிருந்து இரண்டாம் வருகைக்கு எடுத்துக்கொண்ட நாள்களின் இடைநிலையை அளவாக வையுங்கள்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும்: மூன்று மதிப்பெண்களையும் கூட்டாதீர்கள்! 5-1-1 என்பவர் நேற்று முதல்முறை வந்து சிறிய பொருள் வாங்கியவர். 1-1-5 என்பவர் எப்போதோ ஒரே முறை பெரிய தொகைக்கு வாங்கிவிட்டுப் போனவர். கூட்டினால் இருவருக்கும் 7. எனக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் இப்படிக் கூட்டி, முதல் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பரிசு அனுப்பினார். அவரிடம் அடிக்கடி, நிறைய வாங்கிக்கொண்டிருந்து அண்மையில் நின்றுபோன 2-5-5 ஆட்கள், நேற்றும் வந்த 5-4-4 ஆட்களுக்குக் கீழே போய்விட்டார்கள். கடைக்கு அவசரமாகத் தேவைப்பட்டவர்களே அந்த 2-5-5 ஆட்கள்தாம். சிறந்தவர் யார் என்று பார்க்க மூன்றும் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உறங்குபவர்களில் யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரிய, பின்னிரண்டு மதிப்பெண்களைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குள்ளேயே அது இருக்கிறது. கூப்பிடாமலே பாதிப் பேர் வந்தார்கள் அல்லவா? அப்படியென்றால் தள்ளுபடி கொடுத்து அழைத்தபின் வருபவர்கள் அந்த அழைப்பால்தான் வந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? உறங்குபவர் 80 பேர் இருந்தால், குலுக்கல் முறையில் 40 பேரை மட்டும் அழையுங்கள். மற்றவர்களை அப்படியே விடுங்கள். அழைத்தவர்களில் 14 பேரும் அழைக்காதவர்களில் 11 பேரும் வந்தால், தள்ளுபடியை 14 பேருக்குக் கொடுத்துக் கூடுதலாகப் பெற்றது 3 பேரைத்தான். அந்த மூன்றும்கூடத் தற்செயலாக இருக்கலாம். ஆகவே மூன்று நான்கு மாதங்கள் இப்படியே செய்து, எண்ணிக்கைகளை ஒன்றாகச் சேர்த்த பிறகு தள்ளுபடியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.