ஒரே மாலையில் இரண்டு கல்யாண ஆர்டர்: தவறு நம் பக்கம் என்றால் பார்ட்டியிடம் எப்படிப் பேசுவது?

[திரையில்: டைரியின் இரண்டு பக்கங்கள். வியாழக்கிழமையில் ஒரு பெயர், வெள்ளிக்கிழமையில் இன்னொரு பெயர்.]

வணக்கம். இந்த இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். வியாழக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம், வெள்ளிக்கிழமை மதுரையில் ஒரு கல்யாணம். நாளும் வேறு, ஊரும் வேறு, எந்தச் சிக்கலும் கண்ணில் படவில்லை. எனக்கும் நாலு மாதமாகப் படவில்லை. முகூர்த்தத்துக்கு 18 நாள் இருக்கும்போது, வழக்கம்போல நேரம் கேட்பதற்காக மதுரைப் பார்ட்டிக்குப் போன் போட்டேன். பெண்ணின் தம்பி எடுத்து, "ரிசப்ஷன் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குண்ணே, நீங்க அஞ்சுக்கே வந்துடுங்க" என்றார்.

திண்டுக்கல்லில் அதே வியாழக்கிழமை காலை முகூர்த்தம், அதே நாள் மாலை ஆறு மணிக்கு ரிசப்ஷன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ, வீடியோ டீம்.

நம் ஊரில் "எங்க வீட்டுக் கல்யாணம் வெள்ளிக்கிழமை" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது தாலி கட்டும் நாளை. ரிசப்ஷன் பெரும்பாலும் முந்தின நாள் மாலையே நடந்துவிடும். நான் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு வியாழன் மாலையைக் காலியாக விட்டிருக்கிறேன். கோட்டேஷனில் "ரிசப்ஷன், முகூர்த்தம்" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் டைரியில் இல்லை. கல்யாண போட்டோகிராபி, மேக்கப், மேளம், சமையல் என்று முகூர்த்த நாளை நம்பித் தொழில் செய்கிற யாருக்கும் இது நடக்கலாம். அப்படி நடந்த அன்றைக்கு என்னென்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப்போகிறேன்.

[திரையில்: ரசீது புத்தகம், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள்.]

முதலில் யாருக்கும் போன் செய்யவில்லை. கை நடுங்கும்போது பேசினால் வாயில் வருவதெல்லாம் சமாதானமாகத்தான் இருக்கும், பதிலாக இருக்காது. ரசீது புத்தகத்தை எடுத்து இரண்டு பேரும் அட்வான்ஸ் கொடுத்த தேதியைப் பார்த்தேன். மதுரை மார்ச்சில் கொடுத்திருக்கிறார்கள், மொத்தம் 60,000 ரூபாய் வேலை. திண்டுக்கல் ஏப்ரலில் 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள், மொத்தம் 85,000 ரூபாய். பெரிய ஆர்டர் இரண்டாவதாக வந்தது. அந்த இடத்தில் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலில் அட்வான்ஸ் கொடுத்தவருக்குத்தான் அந்த மாலை சொந்தம். பெரிய தொகைக்காக முதல் ஆளை நகர்த்தினால், கேட்கிறவரிடம் சொல்ல ஒரு நேர்மையான காரணம்கூட இருக்காது.

அப்புறம் வெள்ளைத் தாளில் மணி போட்டு எழுதினேன். திண்டுக்கல் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், சாப்பாட்டுப் பந்தி, குடும்பப் படம் எல்லாம் முடிய மதியம் ஒரு மணி ஆகும். அங்கிருந்து மதுரை 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், வண்டியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் மூன்று மணிக்குள் வந்துவிடலாம். ஆக, திண்டுக்கல்லில் முழுக் கல்யாணமும் போகவில்லை, மாலை ஐந்திலிருந்து பத்து வரை உள்ள ரிசப்ஷன் மட்டும்தான் போகிறது. எழுதிப் பார்க்கும் வரை "ஒரு கல்யாணத்தையே கைவிட்டோம்" என்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, பார்ட்டியைக் கூப்பிடும் முன்பே மாற்று டீம் ஒன்றைப் பிடித்தேன். "வேற ஆள் பாக்கறேன் சார்" என்பது அவருக்குத் தீர்வே இல்லை, நம்முடைய கவலையில் பாதியை அவர் தலையில் இறக்கி வைப்பதுதான் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த, ஒன்றாக வேலை செய்திருக்கிற ஒரு டீமைக் கேட்டேன். போட்டோவுக்கு இரண்டு பேர், வீடியோவுக்கு இரண்டு பேர், ரிசப்ஷனுக்கு 24,000 ரூபாய் என்றார்கள். என் பையிலிருந்து உடனே 5,000 அனுப்பி அந்த மாலையைப் பிடித்து வைத்தேன். இதற்கு ஒரு பகல் வரைதான் அவகாசம் கொடுத்திருந்தேன். ஒருவேளை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் யாரும் கிடைக்காமல் போயிருந்தாலும் போன் செய்திருப்பேன், ஏனென்றால் முகூர்த்த நாளில் நல்ல டீம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், நாம் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அவர் தேடுவதற்கு இருக்கிற நாளிலிருந்துதான் குறைகிறது.

[திரையில்: போன், பக்கத்தில் கையால் எழுதிய நான்கு வரிகள்.]

இப்போது போன். வாட்ஸ்அப் செய்தியாக இதை முதலில் அனுப்பாதீர்கள். மகள் கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறவர் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டு வாசலில் நின்று அதைப் படிக்க வேண்டியிருக்கும். அட்வான்ஸ் கொடுத்தவர் யாரோ அவரிடமே பேச வேண்டும், இங்கே திண்டுக்கல் பெண்ணின் அப்பா.

நான் பேசியது இப்படி: "ஐயா, உங்ககிட்ட ஒரு தப்பைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க ரிசப்ஷன் இருக்கிற அதே சாயங்காலம் இன்னொரு ஆர்டரும் எடுத்திருக்கேன். டைரில நான் சரியா எழுதல, தப்பு முழுக்க என்னோடது, மன்னிச்சிடுங்க. காலைல முகூர்த்தத்துக்கு நானும் என் டீமும் முழுசா இருப்போம். சாயங்காலம் என்னால வர முடியாது. அதுக்கு என்ன பண்ணலாம்னு ரெண்டு வழி வச்சிருக்கேன், சொல்லட்டுமா?"

முதல் வரியிலேயே தப்பு வந்துவிடுகிறது. "ஒரு சின்ன பிரச்சினை" என்று ஆரம்பித்தால் அவர் கேட்டு முடித்ததும் அது சின்னது இல்லை என்று தெரியும், அதற்கு மேல் நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். ஆபீஸ் பையன் எழுத மறந்துவிட்டான், இந்த ஆவணியில் ஒரே கூட்டம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அது உண்மையாகவே இருந்தாலும் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அவர் கோபப்பட்டார். "பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சு தம்பி, இப்ப வந்து சொல்றீங்களே" என்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த மௌனத்தில் நான் எதையும் நிரப்பவில்லை. அப்புறம் அவரே, "அந்த மதுரைக்காரங்ககிட்ட வேற ஆளை அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார். "அவங்க உங்களுக்கு முன்னாடி அட்வான்ஸ் கொடுத்தவங்க ஐயா, இதே அவங்க பின்னாடி வந்திருந்தா உங்க வீட்டுக்குத்தான் வந்திருப்பேன்" என்றேன். உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. ஆனால் "சரி, வழியைச் சொல்லுங்க" என்றார்.

போனில் கேட்டதைக் கல்யாண வீட்டில் பத்துப் பேரிடம் திருப்பிச் சொல்வதற்குள் பாதி மாறிவிடும். அதனால் அரை மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்பினேன்.

[திரையில்: செய்தி, மெதுவாக நகர்கிறது.]

"ஐயா, போனில் பேசியதை எழுதி அனுப்புகிறேன். உங்கள் ரிசப்ஷன் மாலையில் தவறுதலாக இன்னொரு ஆர்டர் எடுத்துவிட்டேன். தவறு என்னுடையது, வருந்துகிறேன்.

முதல் வழி: காலை முகூர்த்தம் நானும் என் டீமும். மாலை ரிசப்ஷனுக்கு வேறு டீம், அதே போல நான்கு பேர். அவர்கள் எடுத்த இரண்டு முழு ரிசப்ஷன் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் சம்பளம் என் பொறுப்பு. எடிட்டிங்கும் ஆல்பமும் நானே செய்வேன். மொத்தத்தில் 10,000 குறைத்துக்கொள்கிறேன்: 75,000. அட்வான்ஸ் போக மீதி 50,000.

இரண்டாவது வழி: நீங்கள் வேறு டீம் பார்ப்பதாக இருந்தால் 25,000 அட்வான்ஸ் அன்றைக்கே முழுதாகத் திரும்பும். புது டீம் 85,000க்கு மேல் கேட்டால், கூடுதல் தொகையை 15,000 வரை நான் தருகிறேன்.

ஞாயிறு மாலை வரை யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை அந்த டீமை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்."

முழு ரிசப்ஷன் படங்கள் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பொறுக்கி எடுத்த இருபது படத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். மேடையில் வரிசையாக நிற்கும் சொந்தக்காரர்களை, மங்கலான மண்டப வெளிச்சத்தில், நாலு மணி நேரம் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் ஒரு டீமின் தரம் தெரியும். அன்றிரவு பெண்ணிடமும் தனியாகப் பேசினேன், என் கேண்டிட் படங்களைப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். அவர் முதல் வழியைச் சொன்னார்.

கணக்கு இதுதான்: டீமுக்கு 24,000, குறைத்தது 10,000, ஆக 34,000 போனது. மிச்சம் 51,000இல் காலை டீம் சம்பளமும் ஆல்பம் பிரிண்டும் கொடுத்த பிறகு கையில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. "அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறோமே என்று சிலர் கேட்கிறார்கள். அது பார்ட்டி ரத்து செய்தால் காட்ட வேண்டிய வரி. வர முடியாதது நாம் என்னும்போது அதைக் காட்டுவது நியாயமே இல்லை, தவிர 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று அவர் மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய முடியும்.

[திரையில்: இரண்டு கேமராக்கள், பக்கத்தில் பக்கத்தில்.]

மாற்று டீம் வரும்போது கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் கேமராவின் கடிகாரம். காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் எத்தனை கேமராவோ, அத்தனையிலும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பத்து நிமிடம் பின்னால் ஓடினால், எடிட்டிங்கில் நேரப்படி அடுக்கும்போது கேக் வெட்டிய படத்துக்கு முன்னால் கேக் ஊட்டும் படம் வந்து நிற்கும், அதை ஆயிரக்கணக்கான படத்தில் கையால் திருத்த வேண்டும். அதனால் டீம் லீடர் காலையிலேயே மண்டபத்துக்கு வந்து, ஒரே போனின் நேரத்தைப் பார்த்து எல்லாக் கேமராவிலும் வைத்துக்கொண்டார். அப்படியே பெண்ணின் அப்பாவிடமும் அம்மாவிடமும் அவரை நேரில் அறிமுகப்படுத்தினேன். யார் யார் முக்கியமான சொந்தம், யாரை மேடையில் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது என்று பெண்ணின் அத்தையே பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தார். சொல்லாமல் வேறு டீமை அனுப்பிவிட்டு, "நீங்க யாருப்பா?" என்று மண்டப வாசலில் கேட்க வைப்பதைப் போல ஒரு அவமானம் அந்தக் குடும்பத்துக்கு வேண்டாம். மெமரி கார்டுகள் அன்றிரவே என் கைக்கு வந்தன, தூங்கப் போகும் முன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் போட்டேன்.

[திரையில்: புதிய டைரிப் பக்கம், நடுவில் ஒரு கோடு.]

டைரியை இப்போது இப்படி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் காலை, மாலை என்று இரண்டாகக் கோடு. ஆர்டர் வந்தால் "கல்யாணம் என்றைக்கு?" என்று கேட்பதில்லை, "ரிசப்ஷன் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு" என்று கேட்டு, இரண்டு கட்டத்திலும் பெயரை எழுதிவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குகிறேன். போனில் காலண்டர் வைத்திருப்பவர்கள் "நாள் முழுவதும்" என்று போடாமல், மண்டபத்துக்குப் போகிற நேரம், கிளம்புகிற நேரம் போட்டு வையுங்கள், அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது கண்ணில் படும். "டேட்டைப் பிடிச்சு வைங்க, சொல்றேன்" என்பவர்களுக்கு பென்சிலில் எழுதி இரண்டு நாள் காத்திருக்கிறேன், அதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் அவர்களுக்குச் சொல்லிவிட்டு அழித்துவிடுகிறேன்.

நேரம் கேட்கிற அந்தப் போனை 18 நாளுக்கு முன் செய்வதையும் விட்டுவிட்டேன். இப்போது 45 நாளுக்கு முன்பே கேட்கிறேன், பத்திரிகை அச்சுக்குப் போகிற சமயம் அது. பத்திரிகையின் படத்தையும் அனுப்பச் சொல்லி, அதில் இருக்கிற கிழமையையும் நேரத்தையும் டைரியோடு ஒத்துப் பார்க்கிறேன்.