எடை குறைந்த படிகமும் காலியாகக் கிடக்கும் இடங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

அயனிப் படிகம் ஒன்றில் எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன என்பதை அதன் அடர்த்தியை அளந்தே கண்டுவிடலாம் என்று வேதியியல் பாடநூல்கள் சொல்கின்றன. அது உண்மைதான். ஆனால் அந்த முறையை விளக்குவதற்கு நெடுங்காலமாகக் கையாளப்படும் ஒரு கணக்கை உற்றுப் பார்த்தால், அதில் வரும் காலியிடங்கள் படிகத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கின்றன என்பது தெரியவரும். இன்றைய உரையில் அந்தக் கணக்கையும், அதே முறை பிழையின்றிப் பலித்த வேறொரு படிகத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் முறையைப் பார்ப்போம். உப்பு என்று நாம் அழைக்கும் சோடியம் குளோரைடு படிகத்தின் அலகுக்கூடு, அதாவது படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் கூடு, ஒரு கனசதுரம். அதற்குள் நான்கு சோடியம் அயனிகளும் நான்கு குளோரைடு அயனிகளும் அடங்கும். கூட்டின் விளிம்பு நீளத்தை எக்ஸ் கதிர்கள் கொண்டு அளந்தால் அதன் பருமன் கிடைக்கும். நான்கு சோடியம் குளோரைடு அலகுகளின் நிறையை அந்தப் பருமனால் வகுத்தால், ஓர் இடம்கூடக் காலியாக இல்லாத படிகத்துக்கு இருக்க வேண்டிய அடர்த்தி வந்துவிடும். இதைக் குறையற்ற அடர்த்தி என்று அழைப்போம். மறுபுறம், படிகத்தை நிறுத்து, அது இடம்பெயர்க்கும் திரவத்தின் பருமனை அளந்தால் உண்மையான அடர்த்தி கிடைக்கும். ஷாட்கி குறைபாடு உள்ள படிகத்தில் நேர் அயனியும் எதிர் அயனியும் சம எண்ணிக்கையில் இடத்தை விட்டுப் போயிருக்கும். கூடுகளின் வடிவம் ஏறக்குறைய அப்படியே நிற்க, நிறை மட்டும் குறையும். எனவே இரு அடர்த்திகளின் வித்தியாசத்தைக் குறையற்ற அடர்த்தியால் வகுத்தால் வருவதே காலியிடங்களின் பின்னம். அயனி தன் இடத்தை விட்டு அருகிலுள்ள இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஃபிரெங்கல் குறைபாட்டில் நிறை படிகத்தை விட்டு வெளியேறுவதில்லை என்பதால், இந்த முறைக்கு அது புலப்படாது.

இனி அந்தப் பழைய கணக்கு. சோடியம் குளோரைடின் அளந்த அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.165 கிராம், எக்ஸ் கதிர் தரும் அடர்த்தி 2.178 கிராம், காலியிடங்களின் பின்னம் என்ன என்று கேட்பார்கள். வித்தியாசம் 0.013. அதை 2.178-ஆல் வகுத்தால் 0.00597, அதாவது ஆயிரத்துக்கு ஆறு இடங்கள் காலி என்று விடை வரும். கூட்டல் கழித்தலில் பிழை ஏதும் இல்லை.

ஆனால் ஆயிரத்துக்கு ஆறு என்பது நம்பத்தக்க எண்ணா? ஓர் இணைக் காலியிடத்தைச் சோடியம் குளோரைடில் உண்டாக்க ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அதனால் படிகம் 801 டிகிரி செல்சியசில் உருகும் தறுவாயில்கூட, வெப்பத்தால் உண்டாகும் காலியிடங்கள் பத்தாயிரத்துக்கு ஒன்று இரண்டு என்ற அளவிலேயே இருக்கும். அறை வெப்பநிலைச் சமநிலையிலோ, லட்சம் கோடி இடங்களில் ஒன்றுகூட எதிர்பார்க்க முடியாது. கால்சியம் போன்ற இரட்டை மின்சுமை அயனிகள் மாசாகப் புகுந்தால் மின்சுமையைச் சரிக்கட்டச் சில சோடியம் இடங்கள் காலியாகும். ஆனால் தூய உப்பில் அந்த மாசே பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆகவே மேசைமேல் இருக்கும் உப்புப் படிகத்தில் ஆயிரத்துக்கு ஆறு காலியிடம் என்ற விடை, உருகுநிலையில் இருப்பதைவிடவும் பல மடங்கு அதிகம். வேறு எங்கோ பிழை இருக்க வேண்டும்.

அந்த 2.178 எந்த விளிம்பு நீளத்திலிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். 5.628 ஆங்ஸ்ட்ராம் என்று வருகிறது. இன்று அளக்கும் விளிம்பு 5.640 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ் கதிர்த் துறையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு 5.628 பழக்கமான எண். அதன் பாதியான 2.814-தான், எக்ஸ் கதிர்களின் அலைநீளங்களை அளக்க அடிப்படை அளவுகோலாக ஒரு காலத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட, பாறை உப்பின் அடுத்தடுத்த அயனித் தளங்களுக்கு இடையிலான தொலைவு.

இந்த அளவுகோல் எப்படிப் பிறந்தது என்பதுதான் இதில் என்னை ஆழமாகத் தொட்ட பகுதி. 1913-இல் பிராக் தந்தையும் மகனும் பாறை உப்பின் அமைப்பைக் கண்டறிந்த காலத்தில், எக்ஸ் கதிர் அலைநீளத்தை அளக்கத் தனியாக ஒரு கோல் கிடையாது. எனவே படிகத்தின் அடர்த்தியையும் மூலக்கூறு நிறையையும், ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணையும் கொண்டு தளங்களுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிட்டு, அந்தத் தொலைவால் அலைநீளத்தை அளந்தார்கள். அவகாட்ரோ எண்ணோ மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனை தந்த எலக்ட்ரான் மின்சுமையிலிருந்து வந்தது. மில்லிகன் காற்றின் பிசுக்குமைக்குக் கொண்ட மதிப்பில் சிறு பிழை இருந்ததால் அவருடைய மின்சுமை 0.6 விழுக்காடு குறைவாக இருந்தது. அதன் விளைவாக அவகாட்ரோ எண் அதே அளவு மிகுந்து 6.06×10²³ என்றானது. எண்ணிக்கை மிகும்போது ஒவ்வொரு கூட்டுக்கும் கிடைக்கும் பருமன் குறையும் அல்லவா? பருமன் 0.6 விழுக்காடு குறைந்தால் நீளம் 0.2 விழுக்காடு குறையும். கோடு கீறிய கீற்றணிகளால் எக்ஸ் கதிர் அலைநீளத்தை நேரடியாக அளந்தபோது இந்த 0.2 விழுக்காட்டு முரண் வெளிப்பட்டது. 1930-களில் அதன் காரணமும் தெளிவானது. அந்தப் பழைய அளவுகோலில் சொன்ன நீளங்களை உண்மையான ஆங்ஸ்ட்ராமாக மாற்ற 1.00202-ஆல் பெருக்க வேண்டும் என்று 1947-இல் உடன்பாடு ஏற்பட்டது.

பழைய நீளத்தோடு பழைய அவகாட்ரோ எண்ணையே சேர்த்துக் கணக்கிட்டால் அடர்த்தி மீண்டும் ஏறத்தாழ 2.164 என்றே வரும், ஏனெனில் அந்த நீளமே அடர்த்தியிலிருந்து செய்யப்பட்டது. பழைய நீளத்தோடு புதிய அவகாட்ரோ எண்ணான 6.022×10²³-ஐச் சேர்த்தால்தான் 2.178 வருகிறது. 1.00202-இன் மும்மடி 1.0061. பாடநூல் கேட்கும் ஆயிரத்துக்கு ஆறு என்பது இதுவேதான். எண்கள் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும்போது வேறு விளக்கத்தைத் தேட வேண்டியதில்லை என்பது என் முடிவு. சரியான 5.640-ஐ இட்டால் குறையற்ற அடர்த்தி 2.164 ஆகிறது. அளந்த அடர்த்தி 2.165. காலியிடங்கள் அளவின் பிழைக்குள் மறைந்துவிடுகின்றன.

இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தை நம்பி நிற்கும் முறை இது என்பதை மறக்கக் கூடாது. விளிம்பு நீளத்தில் நேரும் பிழை பருமனில் மும்மடங்காகும். அடர்த்தியை ஒரு வெப்பநிலையிலும் விளிம்பை இன்னொரு வெப்பநிலையிலும் அளந்தாலும் ஏமாற்றம்தான்: சோடியம் குளோரைடின் பருமன் 10 டிகிரிக்கு 0.12 விழுக்காடு விரிகிறது. உருகுநிலையில் இருக்கும் காலியிடங்கள் தரக்கூடிய மாற்றத்தைவிட இது பெரிது. படிகத்துக்குள் அடைபட்ட திரவமும் காலியிடமாக வேடமிடும். கரைசலிலிருந்து வளர்த்த உப்புப் படிகத்தைச் சூடாக்கினால் அது படபடவென வெடித்துத் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நுண்ணிய குழிகளில் சிறைப்பட்ட உப்புக் கரைசல் ஆவியாகிப் படிகத்தைப் பிளப்பதால் அப்படி நேர்கிறது. அத்தகைய குழிகள் பருமனில் 1.3 விழுக்காடு இருந்தாலே அடர்த்தி 0.013 குறைந்துவிடும். உருகிய நிலையிலிருந்து வளர்த்த தெளிந்த ஒற்றைப் படிகத்தைக் கொண்டு மறுபடி அளந்து பார்த்தால், குறைவு குழிகளால் வந்ததா என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் இந்த முறை எங்கே உண்மையாக உழைக்கிறது? காலியிடங்கள் நூற்றுக்கு ஐந்து பத்து என்று மிகுந்திருக்கும் சேர்மங்களில். இரும்பு ஆக்சைடான வுஸ்டைட் இதற்குச் சிறந்த சான்று. பாறை உப்பின் அமைப்பே இதற்கும் உண்டு. ஆனால் சாதாரண அழுத்தத்தில் இரும்பும் ஆக்சிஜனும் சரிசமமாக இருப்பதில்லை, ஆக்சிஜன் சற்றே மிகுந்திருக்கும். அந்த மிகுதிக்கு இரண்டு காரணங்கள் இருக்க இயலும். கூடுதல் ஆக்சிஜன் இடுக்குகளில் புகுந்திருக்கலாம், அல்லது இரும்பின் இடங்கள் சில காலியாக இருக்கலாம். வேதிப் பகுப்பாய்வு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அடர்த்தி காட்டும், ஏனெனில் முதல் நிலையில் கூடு கனக்கும், இரண்டாவதில் இலேசாகும்.

1933-இல் ஜெட்டி, ஃபுட் என்னும் இருவர் இதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய மாதிரி ஒன்றில் ஓர் ஆக்சிஜனுக்கு 0.945 இரும்பு இருந்தது, விளிம்பு 4.301 ஆங்ஸ்ட்ராம். ஆக்சிஜன் இடுக்கில் புகுந்திருந்தால் அடர்த்தி 6.08 ஆக வேண்டும். இரும்பின் இடங்கள் காலியாக இருந்தால் 5.74 ஆக வேண்டும். அளந்தபோது கிடைத்தது 5.73. வழக்கு அத்துடன் தீர்ந்தது. மின்சுமை எப்படிச் சரியாகிறது என்றால், காலியான ஒவ்வோர் இரும்பு இடத்துக்கும் ஈடாக வேறு இரண்டு இரும்பு அயனிகள் இரட்டை நேர் மின்சுமையிலிருந்து மும்மை மின்சுமைக்கு உயர்கின்றன.

இதே மாதிரியில், சோடியம் குளோரைடுக்குச் செய்ததுபோல வித்தியாசத்தை அப்படியே வகுத்தால் தவறு நேரும். காலியிடம் இல்லாத இரும்பு ஆக்சைடுக்கு இந்த விளிம்பில் அடர்த்தி 6.00 இருக்கும், அதைவிட 4.5 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆனால் போனது இரும்பு மட்டும்; கூட்டின் நிறையில் இரும்பின் பங்கு 0.777. எனவே 4.5-ஐ 0.777-ஆல் வகுக்க வேண்டும். இரும்பு இடங்களில் 5.8 விழுக்காடு காலி என்று வருகிறது. வேதிப் பகுப்பாய்வின்படி அது 5.5. இந்தச் சிறு இடைவெளி அடர்த்தியில் கால் விழுக்காட்டுக்குச் சமம். மாதிரியில் சற்றே குழிகள் இருந்தால் அடர்த்தி எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

ஒன்றைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். 1960-இல் ராத் என்பவர் படிகத்தில் நியூட்ரான்கள் சிதறும் விதத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, வுஸ்டைட்டின் இரும்பு அயனிகளில் சில தமக்குரிய எண்முகி இடங்களை விட்டு நான்முகி இடுக்குகளில் அமர்ந்திருப்பது தெரிந்தது. அப்படிப் பார்த்தால் உண்மையில் காலியாக இருக்கும் எண்முகி இடங்கள் 5.5 விழுக்காட்டைவிட அதிகம். இடுக்கில் அமர்ந்த அயனியின் நிறை கூட்டுக்குள்ளேயே இருப்பதால், அடர்த்தி அந்தக் கூடுதல் காலியிடங்களைக் கணக்கில் கொள்ளவே இல்லை. படிகத்தை விட்டு வெளியேறிய இரும்பை மட்டுமே அது எண்ணியது.

நன்றி, வணக்கம்.