'வேண்டாம்' என்றவருக்குத் தீபாவளிக்கு மறுபடி மெசேஜ் போவது ஏன்?

[திரையில்: பில் கவுண்டர், போன் நம்பர் டைப் செய்யும் கை]

ஜவுளிக்கடையில் பில் போடும்போது நம்பர் கேட்கிறோம், வாடிக்கையாளரும் சொல்லிவிடுகிறார். அவர் கொடுத்தது பில்லுக்காக, இல்லையென்றால் பிளவுஸ் தைத்து முடிந்ததும் தகவல் சொல்வதற்காக. ஆடித் தள்ளுபடி மெசேஜ் அனுப்ப அவர் இன்னும் சரி சொல்லவில்லை.

அதனால் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "ஆஃபர் போட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?" சரி என்றால் தேதியோடு குறித்து வையுங்கள். வேண்டாம் என்றால் பில்லைப் போட்டு அனுப்புங்கள், வற்புறுத்த வேண்டாம். எஸ்எம்எஸ் என்றால் போன் நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி தளத்தில் கடையைப் பதிவு செய்து அதன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். கடையின் சாதாரண சிம்மிலிருந்து மொத்தமாக விளம்பரம் அனுப்பி, யாராவது 1909-ல் புகார் கொடுத்தால் அந்த இணைப்பே போய்விடலாம்.

[திரையில்: வாட்ஸ்அப்பில் "STOP" என்று ஒரு பதில்]

இப்போது பெரும்பாலான கடைகள் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். ஆடியில் ஒரு அம்மா STOP என்று பதில் போடுகிறார், கவுண்டர் பையன் உடனே அவர் நம்பரை ஆஃபர் லிஸ்டிலிருந்து அழித்துவிடுகிறான். புரட்டாசியில் அதே அம்மா வந்து ஒரு சேலை எடுக்கிறார், பில்லில் நம்பர் மறுபடி ஏறுகிறது. ஐப்பசியில் தீபாவளி ஆஃபருக்குப் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து மொத்த நம்பரையும் எடுக்கிறார்கள், அவருக்கும் மெசேஜ் போகிறது. இந்த முறை அவர் பதில் போடமாட்டார், நேராக ரிப்போர்ட் அழுத்திவிடுவார். அப்படி ரிப்போர்ட்டும் பிளாக்கும் சேர்ந்தால் வாட்ஸ்அப் உங்கள் கணக்கையே நிறுத்திவிடலாம்.

தப்பு, நம்பரை அழித்ததுதான். அழிக்காமல் 'வேண்டாம்' என்ற பெயரில் தனி ஷீட் வைத்து, அதில் தேதியோடு சேர்த்திருக்க வேண்டும். இரண்டு ஷீட்டிலும் நம்பர் A பத்தியில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் ஆஃபர் லிஸ்டின் இரண்டாவது வரியில் இதைப் போட்டு, கடைசி வரி வரை கீழே இழுத்துப் பாருங்கள்:

```
=COUNTIF('வேண்டாம்'!A:A,A2)
```

0 வந்தால் அனுப்பலாம், வேறு எண் வந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு இடத்தில் +91 போட்டும் இன்னொரு இடத்தில் போடாமலும் இருந்தால் இரண்டும் பொருந்தாது, 0 என்றே காட்டி ஏமாற்றிவிடும். அதனால் முதலில் இரண்டு ஷீட்டிலும் இடைவெளியை நீக்கி, கடைசி 10 இலக்கம் மட்டும் இருக்கும்படி செய்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. டிஎல்டி வழியாக வரும் விளம்பர மெசேஜுக்கு வாடிக்கையாளர் பதில் போட்டால் அது உங்களுக்கு வந்து சேராது, அதனால் விலகுவதற்கான வழியை மெசேஜிலேயே தர வேண்டும். விலகியவரிடம் 90 நாளுக்குள் மறுபடி சம்மதம் கேட்கவும் கூடாது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-ல் கொண்டுவந்த திருத்தம் அப்படிச் சொல்கிறது. அவராக வந்து கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

[திரையில்: கடையின் பதில்]

STOP வந்த அன்றே ஒரே ஒரு பதில் போடுங்கள்: "சரிங்க, இனி ஆஃபர் மெசேஜ் வராது. பில், தையல் தகவல் மட்டும் அனுப்புவோம்."