பக்கவிளைவு ஏன் குறைந்தது?

அனைவருக்கும் வணக்கம்.

கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரினோடெக்கான் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். முதல் சுற்றிலேயே ஆள் துவண்டுவிட்டார். வயிற்றுப்போக்கு, அசதி, ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிவு. மனமும் சோர்ந்துபோக, யாரோ செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரையைச் சொல்கிறார்கள். மஞ்சள் பூப் பூக்கும் ஒரு மூலிகை. மனச்சோர்வுக்காகப் பலரும் எடுப்பது. இவரும் தினமும் மூன்று வேளை எடுக்கிறார். மருத்துவரிடம் சொல்லவில்லை. மூலிகைதானே!

அடுத்த சுற்றில் உடம்பு அவ்வளவாகப் படுத்தவில்லை. வெள்ளணுக்களும் பெரிதாகக் குறையவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூலிகை உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நம்புகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரினோடெக்கான் ஏறிய வடிவத்தில் அதிகம் வேலை செய்யாது. உடல் அதில் ஒரு பகுதியை எஸ்என்-38 என்ற பொருளாக மாற்றுகிறது. புற்றணுவைத் தாக்குவது முக்கியமாக அதுதான். அதே நேரத்தில், கல்லீரலில் உள்ள சிப்-3ஏ4 என்ற நொதி இரினோடெக்கானின் இன்னொரு பகுதியைப் பயன்படாத பொருள்களாக உடைக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டில் ஹைபர்ஃபோரின் என்று ஒன்று இருக்கிறது. அது அந்த நொதியை வழக்கத்தைவிட அதிகமாகச் செய்யச் சொல்லிக் கல்லீரலைத் தூண்டுகிறது. நொதி பெருகினால் மருந்து வீணாவதும் பெருகும்.

2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை நேரடியாக அளந்தார்கள். அதே நோயாளிகளுக்கு ஒரு சுற்று இரினோடெக்கான் மட்டும். இன்னொரு சுற்றில் அதனுடன் தினம் 900 மில்லிகிராம் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 18 நாள். மூலிகையோடு எடுத்த சுற்றில் ரத்தத்தில் எஸ்என்-38 அளவு 42 சதவீதம் குறைந்திருந்தது. வெள்ளணுக்களின் சரிவும் அந்தச் சுற்றில் மிகக் குறைவு. ஆய்வில் ஐந்து பேர்தான். ஆனாலும் ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டதால் அந்த வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது. நம் நோயாளிக்கு உடம்பு லேசானதன் காரணம் இப்போது புரிகிறதா? மருந்து குறைவாகப் போய்ச் சேர்ந்தது. அதனால் பக்கவிளைவும் குறைந்தது.

இனி மருத்துவர் பக்கம் வாருங்கள். ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கிறது. மூலிகை விஷயம் தெரியாத மருத்துவர் என்ன நினைப்பார்? இரினோடெக்கான் இவருக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்து, வேறு மருந்துக்கு மாறுவார். கேட்டிருக்கக்கூடிய ஒரு மருந்து அப்படியே கைவிட்டுப் போகும். எந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையும் காரணத்தைச் சொல்லாது. நோயாளி சொன்னால்தான் உண்டு.

"கீமோ நாளன்று மட்டும் நிறுத்திவிடுகிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். அது போதாது. பெருகிய நொதி பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரம்வரை ஆகும். தினசரி மாத்திரையாகப் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு இடைவெளியே கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிபின் அளவையும் இதே மூலிகை குறைக்கிறது. சொல்லாமல் திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. நொதி குறையக் குறைய மருந்தின் அளவு ஏறும். அதற்குள் மருத்துவர் மருந்தைக் கூட்டியிருந்தால் அது நச்சாகவே முடியலாம்.

எல்லா மூலிகையும் கல்லீரல் வழியாகத்தான் குறுக்கிடும் என்றும் இல்லை. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தரும் போர்டிசோமிப் என்ற மருந்தில் போரான் அணு ஒன்று இருக்கிறது. பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு பொருள் அதை நேராகப் பற்றிக்கொண்டு மருந்தை முடக்குவதை ஆய்வகத்திலும் எலிகளிலும் 2009இல் காட்டினார்கள். அதனால்தான் அந்த மருந்து எடுப்பவர்களிடம் பச்சைத் தேயிலைச் சாறடங்கிய மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். மூலிகையின் பெயர் மட்டும் தெரிந்தால் பதில் சொல்ல முடியாது. எந்தக் கீமோ மருந்தோடு என்பதும் தெரிய வேண்டும்.

சொல்லாததற்கு நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று நாங்கள் கேட்கிறோம். "இல்லை" என்கிறார். அவர் மனத்தில் அது மருந்தே இல்லையே! பொடி, கஷாயம், தேநீர், சொட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள். திட்டுவார்களோ என்று அவர் தயங்கவும் நாங்களே காரணமாகியிருக்கிறோம்.

அடுத்த முறை வரும்போது அந்தப் பாட்டிலையே கையோடு கொண்டுவாருங்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல்தான் எங்களுக்கு வேண்டும். பல மூலிகை கலந்த மாத்திரையில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அங்கேதான் ஒளிந்திருக்கும். என்றைக்குத் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே புற்றுநோய்ப் பிரிவின் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த சுற்றின் தேதியைத் தள்ளுவதா வேண்டாமா என்பதை அந்தக் கடைசி நாளை வைத்துத்தான் கணக்கிடுவோம்.