அரைக்கால் சொட்டு

நேயர்களுக்கு வணக்கம். கூடங்குளத்தில் அணுமின் நிலையம் எழத் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்தில் ரஷ்ய மொழி காதில் விழாத நாளில்லை. செட்டிகுளம் பக்கம் உருளைக்கிழங்குக்கு ரஷ்ய மொழியில் விலை சொல்லும் கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்த மொழியை மொழிபெயர்ப்புக்காகக் கற்றவன். எந்திரக் கையேடுகளில் தொடங்கினேன். ஆனால் மனிதர்கள் வந்து தங்கினால் அவர்களுக்குக் காய்ச்சலும் வரும், கால் முறிவும் வரும். அப்படித்தான் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி என் கைக்கு வந்தது. ரஷ்யர்கள் அதை ‘எபிக்ரீஸ்’ என்பார்கள். ஊரில் இருக்கும் மனைவியும், அங்கே அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவரும் படிக்க வேண்டிய தாள் அது.

நோயின் கதையை மொழிபெயர்ப்பதில் சொல் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொருள் நின்றுவிடும். கடைசிப் பக்கத்து மருந்துப் பட்டியல் அப்படியல்ல. அதில் நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பொறியாளருக்கு மூட்டுவலி. மற்ற மருந்துகளோடு, வைட்டமின் டி, அறுபதாயிரம் யூனிட், வாரம் ஒரு முறை, எட்டு வாரம் என்று எழுதியிருந்தார்கள். நம் ஊரில் சாதாரணமாக எழுதுவதுதான். அறுபதுக்குப் பின் ஒரு கமா, பிறகு மூன்று சைபர். நானும் அப்படியே தட்டச்சு செய்தேன். எண்ணில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு!

பத்து நாள் கழித்து அவருடைய மகள் ஊரிலிருந்து பேசினாள். மரியாதையான பெண். ‘ஐயா, இங்கே சொட்டு மருந்துதான் வாங்கினோம். ஒரு சொட்டில் ஐந்நூறு யூனிட் இருக்கிறது. நீங்கள் அறுபது யூனிட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படிப் பிரிப்பது?’ என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்நூறில் அறுபது என்றால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, நம் பழைய கணக்கில் அரைக்கால். அரைக்கால் சொட்டை எந்தக் கரண்டியில் அளப்பது?

காரணம் இதுதான். ரஷ்யாவில் தசமப் புள்ளி கிடையாது, அந்த இடத்தில் கமா. இரண்டரையை இரண்டு, கமா, ஐந்து என்று எழுதுவார்கள். ஆகவே என்னுடைய அறுபதாயிரம் அவர்கள் கண்ணுக்கு ‘அறுபது, தசமம், சைபர் சைபர் சைபர்’. ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் விடுவது வெற்றிடம்தான். நம்முடைய லட்சக் கமாவோ இன்னும் குழப்பம். இரத்தத் தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் என்பதை நாம் எழுதுகிற எண்ணில் இரண்டு கமா இருக்கும். அதைப் பார்த்த ஒரு ரஷ்ய மருத்துவர், ‘இது எந்த நாட்டுக் கணக்கு?’ என்று என்னிடமே கேட்டார்.

அந்தப் பெண் கேட்டதால் தப்பித்தேன். அன்றைக்கே தாளைத் திருத்தி, அறுபதாயிரத்தை எண்ணிலும் எழுத்திலும் எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து பெரிய எண் எதுவாக இருந்தாலும் எழுத்திலும் எழுதிவிடுகிறேன், பேங்க் செக்கில் எழுதுவதுபோல.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வில்லங்கம். ரஷ்ய மருத்துவர்களின் மருந்துச் சீட்டில், திட மருந்துக்கு அலகு போடாமல் எண் மட்டும் இருந்தால் அது கிராம். அவர்கள் கல்லூரியிலேயே அப்படிப் படித்தவர்கள். சைபர் கமா ஐந்து என்று மட்டும் எழுதினால் அது அரை கிராம், அதாவது ஐந்நூறு மில்லிகிராம். நாம் மனத்தில் வைத்திருந்தது அரை மில்லிகிராமாக இருக்கலாம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். எண்ணோடு ‘மில்லிகிராம்’ ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வரி முடிந்து எண் மேலேயும் அலகு கீழேயும் பிரிந்து போகக்கூட நான் விடுவதில்லை.

சரி, மருந்தின் பெயருக்கு வருவோம். ஒருவருக்கு நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு காலில் இரத்தம் உறைந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்தார்கள். தாளில் இருந்தது ஒரு இந்தியக் கம்பெனிப் பெயர், பின்னால் ஐந்து என்ற எண், மாலை ஒரு மாத்திரை. என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர், கம்பெனிப் பெயரை ரஷ்ய எழுத்தில் ஒலிபெயர்த்து, ‘மாலை ஒரு மாத்திரை’ என்று முடித்துவிட்டார். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அங்கே கடையில் அந்தப் பெயரில் மருந்தே கிடைக்காது. மருந்துக் கடைக்காரர் ஊகித்து வார்ஃபரின் எடுத்துக் கொடுத்தால், ரஷ்யாவில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டரை மில்லிகிராம் மாத்திரை. ஒரு மாத்திரை என்றால் பாதி மருந்துதான் உள்ளே போகும். காலில் உள்ள உறைவு வளர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பிருக்கிறது.

நாங்கள் அந்த வரியை இப்படி மாற்றினோம். முதலில் மருந்தின் பொதுப்பெயர் ரஷ்ய எழுத்தில், பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில். பிறகு ஐந்து மில்லிகிராம், வாய்வழியாக, நாளுக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு. கம்பெனிப் பெயர் கடைசியில், மூலத்தில் இருந்தபடியே. மாத்திரைக் கணக்கு வேண்டாம், மில்லிகிராமில் எழுதுங்கள். இன்னொரு முறை சொல்கிறேன்: மில்லிகிராமில்.

பொதுப்பெயருக்கு நாமாக ஒலிபெயர்ப்பு செய்ய வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பெயர்ப் பட்டியலில் ரஷ்யப் பெயரும் உண்டு. நாமாகச் செய்தால் தடுமாறுவோம். ரஷ்ய மொழியில் நம் ‘ஹ’ ஒலி கிடையாது, அதனால் ஹெப்பாரின் அங்கே ‘கெபரீன்’. ஹாஸ்பத்திரியை ஆஸ்பத்திரி ஆக்கிய நமக்கு இதில் சிரிக்க உரிமையில்லை.

இந்த வார்ஃபரின் ஆளுக்கே இரண்டு வாரத்தில் அளவு மாறியது. ஒரு நாள் ஐந்து, மறுநாள் நான்கு, மாற்றி மாற்றி. இதற்கு ரஷ்ய மொழியில் சட்டென்று வாயில் வரும் சொல் ‘செரெஸ் தேன்’. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆகிவிடும். ஐந்தும் நான்கும் சேர்த்து விழுங்கிவிட்டு மறுநாள் சும்மா இருந்தால்? மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அடுத்த இரத்தப் பரிசோதனை வரை, எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். தெளிவில்லாததை மொழிபெயர்ப்பாளர் தன் அறிவால் சரிசெய்யக் கூடாது. மூலம் திருந்தினால்தான் மொழிபெயர்ப்பு திருந்தும்.

முடித்த பிறகு ஒருவர் ரஷ்யத் தாளிலிருந்து எண்களை மட்டும் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்போம். எழுதியவரே படித்தால் தான் நினைத்ததைத்தான் படிப்பார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பதற்கு மருந்துச் சீட்டில் போடும் எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பற்றியும் பேச வைத்திருந்தேன், அது போகட்டும். இன்சுலினை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே விற்கும் பல குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு நாற்பது யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ரஷ்யாவில் நூறு யூனிட். சிவப்பு மூடி ஊசியில் இருபதாவது கோடு வரை அங்கத்து மருந்தை இழுத்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட். அதனால் அளவை யூனிட்டில் மட்டும் எழுதி, இங்கத்துக் குப்பியில் நாற்பது என்பதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்ப்பேன். இங்கத்து ஊசிகள் பையில் இருந்தால், இந்தக் குப்பி தீர்ந்ததும் அவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன். வணக்கம்.